கீரை வில்லைகள் மிதந்தன, ஆக்சிஜன் எங்கிருந்து வந்தது?

பாலக்கீரை இலையில் பேப்பர் பஞ்ச் வைத்து வட்டம் வட்டமாகத் துளைத்து எடுத்து, அதைத் தண்ணீரில் மூழ்கடித்து, விளக்கு வெளிச்சத்தில் வைத்தால் கொஞ்ச நேரத்தில் ஒவ்வொன்றாக மேலே மிதந்து வரும். இலை ஆக்சிஜன் விடுவதைக் கண்ணால் பார்க்க, வீட்டில் செய்யக்கூடிய வழிகளில் எனக்குத் தெரிந்து இதுதான் சுலபம். அக்கா மகள் பதினொன்றாம் வகுப்பு போகிறாள். லீவுக்கு வந்திருந்தபோது இருவருமாக மூன்று சாயங்காலம் உட்கார்ந்து செய்தோம். முதல் இரண்டு தடவையும் தப்பாகப் போனது. மூன்றாவது தடவை சரியாக வந்தது, ஆனால் அதிலிருந்து அவள் எடுத்த முடிவு தவறு. அவள் இடத்தில் நான் இருந்திருந்தாலும் அதே முடிவைத்தான் எடுத்திருப்பேன். அதனால்தான் எழுதி வைக்கிறேன்.

தேவைப்பட்டவை: பாலக்கீரை ஒரு கட்டு, ஒற்றைத் துளை போடும் பேப்பர் பஞ்ச், மருந்துக் கடையில் ஊசியில்லாமல் வாங்கிய 10 மில்லி சிரிஞ்ச், சமையல் சோடா, பாத்திரம் கழுவும் திரவ சோப்பு, கண்ணாடி டம்ளர்கள், 20 வாட் எல்இடி விளக்கு, டம்ளரை மூட அலுமினியத் தாள். 300 மில்லி தண்ணீருக்கு டீஸ்பூனில் எட்டில் ஒரு பங்கு சோடா போட்டால் போதும். அது ஏறக்குறைய 0.2 சதவீதக் கரைசல். தண்ணீருக்குள் இலைக்குக் கார்பன் டை ஆக்சைடு கொடுப்பது இந்தச் சோடாதான். அதில் சோப்பு ஒரே ஒரு சொட்டு. இலையின் மேல் இருக்கும் மெழுகுப் பூச்சு தண்ணீரை ஒட்டவிடாது. சோப்பு அந்தத் தடையைத் தளர்த்துகிறது. இரண்டு மூன்று சொட்டு விட்டால் நுரை வரும், நுரையே வில்லைகளைத் தூக்கிவிடும்.

முக்கியமான வேலை சிரிஞ்சில்தான் நடக்கிறது. இலைக்குள் செல்களுக்கு இடையில் நிறையக் காற்றிடம் உண்டு. கார்பன் டை ஆக்சைடு இலைத்துளை வழியாக நுழைந்து அந்த இடங்களில்தான் பரவும். பறித்த இலை தண்ணீரில் மிதப்பதும் அந்தக் காற்றால்தான். நடு நரம்பை விட்டுவிட்டுப் பத்து வில்லைகளைத் துளைத்து சிரிஞ்சுக்குள் போட்டு, உலக்கையைச் செருகி, கரைசலை ஐந்தாறு மில்லி உறிஞ்சிக்கொள்ள வேண்டும். மேலே நிற்கும் காற்றை வெளியே தள்ளிவிட்டு, முனையை விரலால் இறுக்கி அடைத்துக்கொண்டு உலக்கையைப் பின்னால் இழுத்துப் பத்து விநாடி பிடிக்க வேண்டும். உள்ளே அழுத்தம் குறைந்ததும் வில்லைகளின் விளிம்பிலிருந்து பொடிப் பொடியாகக் குமிழி கிளம்பும். உலக்கையை விட்டதும் காற்று இருந்த இடத்துக்குள் கரைசல் பாயும். அந்த நொடியில் வில்லையைக் கவனித்துப் பாருங்கள். வெளிர்ப் பச்சையாக இருந்தது சட்டென்று கரும்பச்சையாகி, வடை வைத்த காகிதத்தில் எண்ணெய் ஊறின இடம் மாதிரி வெளிச்சம் ஊடுருவும்படி ஆகிவிடும். அப்புறம் மெல்லத் தடுமாறிக் கீழே இறங்கும். இப்படி மூன்று நான்கு தடவை இழுத்தால் பத்தும் அடியில் போய் உட்கார்ந்துவிடும். மாவிலையிலும் செய்து பார்த்தேன். பத்து தடவை இழுத்தும் ஒன்றுகூட மூழ்கவில்லை. தடித்த, மெழுகு கூடின இலை இதற்கு ஒத்துவராது.

முதல் நாள் வில்லைகளை டம்ளரில் கொட்டி விளக்கைப் போட்டதும் ஒரு நிமிடத்துக்குள் ஏழெட்டு மேலே வந்துவிட்டன. அவளுக்கு ஒரே சந்தோஷம். எனக்கும்தான். ஆனால் பக்கத்தில் அலுமினியத் தாள் சுற்றி வைத்திருந்த டம்ளரைத் திறந்து பார்த்தால் அங்கேயும் எல்லாம் மிதக்கின்றன. வெளிச்சமே படாமல் மிதந்தது என்றால் தூக்கியது ஆக்சிஜன் இல்லை. டப்பாவைப் பார்த்தேன். கேக்குக்கு வாங்கி வைத்திருந்த பேக்கிங் பவுடரை எடுத்துப் போட்டிருக்கிறேன். அதில் சோடாவோடு காய்ந்த அமிலமும் கலந்திருக்கும், ஈரம் பட்டதும் கார்பன் டை ஆக்சைடு பொங்கும். அந்தக் குமிழிகள் வில்லைகளின் அடியில் ஒட்டிக்கொண்டு தூக்கியிருக்கின்றன. தாள் சுற்றிய அந்த ஒரு டம்ளர் இல்லையென்றால் சோதனை வெற்றி என்று எழுதி வைத்திருப்போம்.

இரண்டாம் நாள் சரியான சமையல் சோடா. இந்தத் தடவை மூன்று டம்ளர்: சோடா போட்டு வெளிச்சத்தில் ஒன்று, சோடா போட்டு இருட்டில் ஒன்று, சோடா இல்லாத வெறும் தண்ணீர் (சோப்பு மட்டும் ஒரு சொட்டு) வெளிச்சத்தில் ஒன்று. இருட்டு டம்ளர் ஒழுங்காக இருந்தது, ஒன்றுகூட எழவில்லை. சோடா போட்டது மிதந்தது. ஆனால் வெறும் தண்ணீரிலும் அரை மணி நேரத்தில் ஆறு வில்லைகள் மேலே வந்துவிட்டன. கார்பன் டை ஆக்சைடு கொடுக்காமலேயே வேலை நடக்கிறதா?

எங்கள் வீட்டில் போர் தண்ணீர். தண்ணீர் காய்ச்சும் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படலம் கட்டும், மாதம் ஒருமுறை வினிகர் ஊற்றித்தான் சுரண்டுவேன். அந்தப் படலத்தைப் பார்த்தபோதுதான் புரிந்தது. கடினத் தண்ணீரில் கரைந்திருப்பது பெரும்பாலும் கால்சியம், மக்னீசியம் பைகார்பனேட்டுகள். காய்ச்சும்போது பைகார்பனேட்டிலிருந்து கார்பன் டை ஆக்சைடு பிரிந்து போய்விடும், மிச்சம் கால்சியம் கார்பனேட்டாகப் படியும். நான் சமையல் சோடா என்று போடுவதும் சோடியம் பைகார்பனேட்தான். ஆக, வெறும் தண்ணீர் என்று நான் நினைத்தது கொஞ்சம் சோடா கலந்த தண்ணீர்தான். பூமியே கலந்து வைத்திருக்கிறது.

மூன்றாம் நாள் ஆர்ஓ தண்ணீரை வாங்கி, பத்து நிமிடம் கொதிக்கவிட்டு, மூடி வைத்து ஆறவிட்டேன். எல்லா டம்ளருக்கும் அதே தண்ணீர். விளக்கு டம்ளரிலிருந்து 15 சென்டிமீட்டர் தூரத்தில். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை டம்ளரை லேசாகச் சுழற்றிவிட்டு, மிதப்பதை எண்ணினோம். அடியில் ஒட்டிக்கொள்ளும் வில்லைகள் அப்போதுதான் விடுபடும். சோடா டம்ளரில் நான்கு நிமிடம் வரை ஒன்றும் இல்லை. ஆறாவது நிமிடத்தில் இரண்டு, எட்டில் ஐந்து, பத்தில் எட்டு, பதினான்காவது நிமிடத்தில் பத்தும் மேலே. இருட்டு டம்ளரில் ஒன்றும் இல்லை. வெறும் தண்ணீர் டம்ளரிலும் இருபது நிமிடம் ஆகியும் பத்தும் அடியிலேயே.

ஒரு வில்லையைத் தூக்க எவ்வளவு வாயு வேண்டும் என்று அவள் கேட்டாள். பத்து வில்லைகளை அடுக்கி அளந்தால் மூன்றரை மில்லிமீட்டர் உயரம். வில்லையின் விட்டம் 6 மில்லிமீட்டர், பரப்பு சுமார் 28 சதுர மில்லிமீட்டர். அப்படியென்றால் ஒரு வில்லை ஏறக்குறைய 10 கன மில்லிமீட்டர். நீர் நிரம்பிய இலைத் திசு தண்ணீரைவிட நூற்றுக்கு மூன்று நான்கு பங்குதான் கனம் கூடுதலாக இருக்கும். அதை ஈடுகட்ட அரை கன மில்லிமீட்டருக்கும் குறைவான வாயு போதும், அதாவது ஒரு கசகசா அளவு. முதல் நான்கு நிமிடம் ஒன்றும் நடக்காத மாதிரி தெரிந்ததற்கும் காரணம் உண்டு. உண்டான ஆக்சிஜன் முதலில் இலைக்குள் இருக்கும் நீரில் கரையும். அது நிறைந்த பிறகுதான் குமிழி கட்டும்.

வெறும் தண்ணீரில் கிடந்த வில்லைகள் ஒருவேளை செத்துப் போயிருக்குமோ என்று சந்தேகம் வந்தது. அந்தத் தண்ணீரை வடித்துவிட்டு, அதே வில்லைகள் மேல் சோடாக் கரைசலை ஊற்றினேன். மெதுவாகத்தான் எழுந்தன, பத்தும் வர 25 நிமிடம் பிடித்தது. ஏற்கெனவே உள்ளே வெறும் நீர் நிரம்பியிருக்கிறது, சோடா அதற்குள் ஊறிப் போக வேண்டுமே. ஆனாலும் எழுந்துவிட்டன. உயிரோடுதான் இருந்தன, வெளிச்சமும் இருந்தது, தண்ணீரும் சுற்றிலும் இருந்தது. இல்லாதது கார்பன் டை ஆக்சைடு மட்டும்தான்.

அவள் நோட்டில் எழுதிக்கொண்டே சொன்னாள்: "மாமா, அப்ப கார்பன் டை ஆக்சைடுல இருக்கிற ஆக்சிஜனத்தான் இலை பிரிச்சு வெளிய விடுது. அது இல்லன்னா ஆக்சிஜன் வரல, குடுத்ததும் வந்துடுச்சு."

பார்த்ததை வைத்து இதைவிட நேரான முடிவு கிடையாது. 1930கள் வரை பல ஆய்வாளர்களும் இப்படித்தான் நினைத்தார்கள்: இலை கார்பன் டை ஆக்சைடைப் பிளக்கிறது, கார்பனை நீரோடு சேர்த்துச் சர்க்கரை ஆக்குகிறது, ஆக்சிஜனை விடுகிறது என்று. ஆனால் உண்மை வேறு. வெளியே வரும் ஆக்சிஜன் முழுக்கத் தண்ணீரிலிருந்து வருவது. அப்படியானால் கார்பன் டை ஆக்சைடு இல்லாதபோது தண்ணீர் பிளவுபடுவது ஏன் நின்றது?

எதிர் வீட்டில் அந்த வாரம்தான் மாடிக்குத் தளம் போட்டார்கள். அதை வைத்துச் சொன்னேன். கீழே மூட்டையைப் பிரித்துக் கலவை போடுகிறார்கள். சட்டியில் அள்ளி, ஏணியில் வரிசையாக நிற்பவர்கள் கைமாற்றி மேலே அனுப்புகிறார்கள். மேலே இருப்பவர் கொட்டிவிட்டுக் காலிச் சட்டியைத் திருப்பி அனுப்புகிறார். மேலே கொட்ட இடம் இல்லை, கம்பி கட்டி முடியவில்லை என்று வைத்துக்கொள். சட்டிகள் எல்லாம் நிறைந்தபடி மேலேயே தேங்கிவிடும். கீழே காலிச் சட்டி வராது. கலவை போடுபவர் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார், அடுத்த மூட்டையைப் பிரிக்க மாட்டார். தெருவில் வந்து விழும் காலி சிமெண்ட் மூட்டைகளும் நின்றுவிடும். மேலே கம்பி கட்டி முடித்ததும் மறுபடி மூட்டை விழத் தொடங்கும். அதைப் பார்த்து, மூட்டை மாடியிலிருந்து வருகிறது என்று யாராவது சொன்னால்?

இலையில் அந்தச் சட்டிக்கு என்.ஏ.டி.பி. என்று பெயர். இலைச் செல்லில் பச்சையம் இருக்கும் இடமான பசுங்கணிகத்துக்குள் மெல்லிய சவ்வுகள் உண்டு, அவற்றில் ஒளி படுகிறது. அந்த ஆற்றலைக் கொண்டு தண்ணீரிலிருந்து எலக்ட்ரான்கள் பிடுங்கப்படுகின்றன. இரண்டு நீர் மூலக்கூறு பிளந்தால் நான்கு எலக்ட்ரான் கிடைக்கும், வேண்டாத மிச்சமாக ஒரு ஆக்சிஜன் மூலக்கூறு வெளியேறும். அதுதான் நம் காலி மூட்டை. ஒரு சட்டி இரண்டு எலக்ட்ரான் கொள்ளும், ஆக நான்குக்கு இரண்டு சட்டி. இதே ஓட்டத்தில் ஏ.டி.பி. என்ற ஆற்றல் மூலக்கூறும் உண்டாகிறது. நிறைந்த சட்டிகள் சவ்வை விட்டு, பசுங்கணிகத்தின் நீர்ப்பகுதிக்குப் போகின்றன. அங்கே ருபிஸ்கோ என்ற நொதி கார்பன் டை ஆக்சைடைப் பிடித்து ஏற்கெனவே இருக்கும் ஐந்து கார்பன் சர்க்கரை ஒன்றோடு ஒட்டுகிறது. அது உடைந்து வரும், மூன்று கார்பன் கொண்ட துண்டுகளில்தான் சட்டிகள் கொட்டப்படுகின்றன. ஒரு கார்பன் டை ஆக்சைடுக்கு இரண்டு சட்டி, மூன்று ஏ.டி.பி. என்பது கணக்கு. கொட்டியதும் சட்டி காலியாகித் திரும்பும். கார்பன் டை ஆக்சைடு இல்லையென்றால் கொட்டுவதற்கு இடம் இல்லை.

அவள் சும்மா ஒத்துக்கொள்ளவில்லை. "அப்படின்னா, மேல கொட்டாம, வேற யாராவது சட்டிய வாங்கிக்கிட்டா மூட்டை விழணுமே?" என்றாள். சரியான கேள்வி. கேம்பிரிட்ஜில் ராபர்ட் ஹில் செய்தது அதையேதான். இலையை அரைத்து, அதிலிருந்து பசுங்கணிகங்களைப் பிரித்தெடுத்து, எலக்ட்ரானை வாங்கிக்கொள்ளும் இரும்பு உப்பு ஒன்றைச் சேர்த்து ஒளியில் வைத்தார். 1937இல் அதை வெளியிட்டார். ஆக்சிஜன் வந்தது. அதற்குக் கார்பன் டை ஆக்சைடு தேவைப்படவில்லை, சர்க்கரையும் உண்டாகவில்லை. இது வீட்டில் செய்யக்கூடியது இல்லை, அதனால் நாங்கள் முயலவில்லை.

இன்னும் நேரான சான்று 1941இல் கலிபோர்னியாவின் பெர்க்லியில் கிடைத்தது. சாமுவேல் ரூபன், மார்ட்டின் கேமன் குழுவினர் ஆக்சிஜன்-18 என்ற கனமான ஆக்சிஜனை அடையாளமாக வைத்தார்கள். குளோரெல்லா என்ற பச்சைப் பாசிக்குக் கனமான ஆக்சிஜன் கலந்த தண்ணீரைக் கொடுத்தபோது, வெளிவந்த வாயுவிலும் அதே அளவில் கனமான ஆக்சிஜன் இருந்தது. பைகார்பனேட்டில் வைத்துக் கொடுத்தபோது வாயு தண்ணீரையே பின்பற்றியது. மூட்டையில் பெயிண்ட் அடித்து அனுப்பிய மாதிரி.

அப்புறம் அவளுடைய பாட நோட்டைத் திறக்கச் சொன்னேன். அதில் இருந்தது இது:

6CO2 + 6H2O → C6H12O6 + 6O2

வலப்பக்கம் வாயுவாக வெளியேறும் ஆக்சிஜன் அணுக்கள் 12. அத்தனையும் தண்ணீரிலிருந்து வந்தாக வேண்டும். இடப்பக்கம் தண்ணீரில் இருப்பது 6 ஆக்சிஜன் அணுதான். போதாது. சட்டிக் கணக்கைப் போட்டுப் பார்: ஆறு கார்பன் டை ஆக்சைடுக்கு 12 சட்டி, 12 சட்டி நிறைய 24 எலக்ட்ரான், அதற்கு 12 தண்ணீர். ஆகவே நடப்பதை உள்ளபடி எழுதினால் இப்படி வரும்:

6CO2 + 12H2O → C6H12O6 + 6O2 + 6H2O

வலப்பக்கத்தில் இருக்கும் ஆறு தண்ணீர் புதிதாக உண்டாவது. இரண்டு பக்கமும் ஆறைக் கழித்தால் பாடநூல் சமன்பாடு வந்துவிடும். கணக்கு சரிதான், ஆனால் கழிக்கும்போது எந்த அணு எங்கே போனது என்ற கதை அழிந்துவிடுகிறது. இதை அவள் இரண்டு தடவை தானே எண்ணிப் பார்த்த பிறகுதான் தலையாட்டினாள்.

மிதந்த வில்லை காட்டுவது ஆக்சிஜனை மட்டும்தான், மாடியில் என்ன கொட்டினார்கள் என்று காட்டாது. அதற்குத் தொட்டியில் இருந்த செம்பருத்தியை எடுத்தோம். இலையில் உண்டாகும் சர்க்கரையில் ஒரு பகுதி சுக்ரோஸாக வேருக்கும் மொட்டுக்கும் போகிறது. இன்னொரு பகுதி பசுங்கணிகத்துக்குள்ளேயே மாவுச்சத்தாகச் சேர்த்து வைக்கப்படுகிறது, இரவில் கரைந்து செலவாகிறது. அயோடின் பட்டால் மாவுச்சத்து கருநீலமாகும். ஓர் இலையின் குறுக்கே கறுப்புச் சார்ட் பேப்பரை இரண்டு பக்கமும் மூடும்படி பட்டையாகக் கிளிப் போட்டு, காலை எட்டு மணியிலிருந்து மதியம் இரண்டு வரை வெயிலில் வைத்தோம். இலையைப் பறித்துக் கொதிநீரில் ஒரு நிமிடம் போட்டு, பிறகு ஸ்பிரிட்டில் பச்சையம் போகும்வரை ஊறவிட்டோம். ஸ்பிரிட் டம்ளரை அடுப்பில் வைக்கவே கூடாது, சட்டென்று பற்றிக்கொள்ளும். அடுப்பை அணைத்துவிட்டு, கொதித்த தண்ணீர் உள்ள பாத்திரத்துக்குள் டம்ளரை இறக்கி வைத்தால் போதும். இலை வெளுத்து அப்பளம் மாதிரி நொறுங்கும் பதத்துக்கு வரும். மறுபடி வெந்நீரில் நனைத்தால் துவண்டுவிடும். காயத்துக்குப் போடும் போவிடோன் அயோடினில் நான்கு பங்கு தண்ணீர் கலந்து மேலே ஊற்றினோம்.

முதல் இலை முழுக்கக் கறுத்துவிட்டது, பட்டை இருந்த இடமும் சேர்ந்து. செடியை நேரே வெயிலிலிருந்து எடுத்ததுதான் தவறு, முந்தின நாள் சேர்த்த மாவுச்சத்து அங்கே அப்படியே இருந்திருக்கிறது. தொட்டியை இரண்டு நாள் இருட்டான ஸ்டோர் ரூமில் வைத்து, பழைய இருப்பைச் செடியே தின்று தீர்த்த பிறகு மறுபடி செய்தோம். இந்தத் தடவை கருநீல இலையின் நடுவே கிளிப்பின் ஓரம் வரை கோடு போட்ட மாதிரி ஒரு பழுப்புப் பட்டை.

கடைசி நாள் சாயங்காலம், மிதந்துகொண்டிருந்த பத்து கீரை வில்லைகளையும் தூக்கிப் போட மனசில்லாமல், டம்ளருக்கு அலுமினியத் தாளைச் சுற்றி அலமாரியில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனோம். வெளிச்சம் இல்லாதபோதும் இலை சுவாசிக்கிறது, அதற்கு ஆக்சிஜன் வேண்டும். அரை மணி கழித்துப் பார்த்தபோது மூன்று மூழ்கியிருந்தன. ஒரு மணி நேரத்தில் ஏழு. தூங்கப் போகுமுன் அவள் போய்த் தாளை விலக்கி எண்ணினாள். மேலே ஒன்றே ஒன்றுதான் மிச்சம். விளக்கை மறுபடி போட்டுவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.